நலமா என்று கேட்க முடியாத வேளையில்

நம் வளாகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை முகமன் கூறுகிறோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விரிவுரை மண்டபத்தின் வாசலில், சிற்றுண்டிச்சாலை வரிசையில், பேருந்து நிறுத்தத்தில் என எங்கே நண்பரைக் கண்டாலும் "வணக்கம்", "என்ன மச்சான், ஓக்கேவா?", "சாப்டாச்சா?" என்று ஏதோ ஒன்று தானாக வாயில் வந்துவிடுகிறது. எதிரில் வருபவர் நான்கு நாள்களுக்கு முன் தந்தையை இழந்தவர் என்றால் மட்டும் அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. சிலர் வழக்கம்போல் சிரித்து வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த கணமே கூசிப்போகிறார்கள். சிலர் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் நடந்துவிடுகிறார்கள். இருவருக்குமே அன்பு இருக்கிறது, சொல்தான் கிடைக்கவில்லை.

அந்த முதல் சொல் எதுவாக இருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். துக்கத்தில் இருக்கும் நண்பரைப் பற்றி விரிவாகவும், நோயுற்ற நண்பரைப் பற்றி அதைத் தொடர்ந்தும் பார்ப்போம். இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழர் வீட்டுப் பழக்கத்திலேயே பாதி விடை இருக்கிறது.

முகமன் செய்யும் வேலை

போலந்தில் பிறந்த மானிடவியலாளர் புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1923ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர்கள் பேசும் பேச்சில் ஒரு பகுதி செய்தி எதையும் சொல்வதற்காகப் பேசப்படுவதில்லை. உறவைக் கட்டிக்காப்பதற்காக மட்டுமே பேசப்படுகிறது என்றார். முகமன் அந்த வகையைச் சேர்ந்தது. "நலமா?" என்று கேட்பவர் மருத்துவ அறிக்கையை எதிர்பார்ப்பதில்லை. "நலம்" என்ற விடை கேள்விக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் ஒரு சொல் கொடுக்கிறார், மற்றவர் ஒரு சொல் திருப்பித் தருகிறார், இருவரும் நடையை நிறுத்தாமலே போய்விடலாம்.

துக்கத்தில் இருப்பவரிடம் இது ஏன் தடுமாறுகிறது என்பது இப்போது விளங்கும். "நலமா?" என்றதும் அவர் முன் இரண்டே வழிகள் இருக்கின்றன. "நலம்" என்று பொய் சொல்லலாம். அல்லது "இல்லை" என்று உண்மையைச் சொல்லி, நடைபாதையின் நடுவில் தம் துயரத்தைப் பிரித்து வைக்கலாம். பெரும்பாலோர் முதல் வழியையே எடுக்கிறார்கள். ஒரு நாளில் இருபது பேர் கேட்டால் இருபது முறை பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. களைப்பைத் தருவது அதுதான்.

துக்க வீட்டின் பேச்சு முறை

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்குப் போகும்போது முகமன் அனைத்தும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. வருபவர் "வணக்கம்" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டார் "வாங்க" என்று வரவேற்பதில்லை. புறப்படும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்வதும் இல்லை. மீண்டும் இப்படி ஒரு காரியத்துக்காக வர வேண்டாம் என்பதே அதன் கருத்து. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது மற்ற வீடுகளில் மரியாதைக் குறைவு. அங்கே அதுவே மரியாதை.

சொல்லுக்குப் பதிலாக அங்கே மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, தொடுதல். ஆண்கள் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் நிற்கிறார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இரண்டாவது, சும்மா உட்கார்ந்திருத்தல். பந்தலின் கீழ் ஞெகிழி நாற்காலியில் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனாலும் "வந்திருந்தார்" என்றே பின்னாளில் நினைவுகூரப்படுகிறது. மூன்றாவது, துக்கம் விசாரித்தல். "எப்படி நடந்துச்சு?" என்று வந்தவர் கேட்க, நடந்தது முதலிலிருந்து சொல்லப்படுகிறது. நேற்று மாலை நெஞ்சு வலித்தது, மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், விடியற்காலை முடிந்துவிட்டது என்று, வருகின்ற ஒவ்வொருவரிடமும் அதே கதை மறுபடி மறுபடி சொல்லப்படுகிறது. திரும்பத் திரும்பச் சொல்வதிலேயே நம்ப முடியாத ஒன்று மெல்ல மெல்ல நடந்த ஒன்றாக மாறுகிறது.

இங்கே ஒரு மொழிச் செய்தியையும் கவனிக்கலாம். நம் மலாய் நண்பர்கள் துக்கம் நேர்ந்தவரிடம் "சலாம் தக்ஸியா" என்கிறார்கள். அரபு வழி வந்த அச்சொல் எழுத்திலும் பேச்சிலும் ஒன்றுபோலவே பயன்படுகிறது. தமிழில் "ஆழ்ந்த இரங்கல்", "அனுதாபம்" என்பவை நாளிதழ் அறிவிப்புக்கும் மலர்வளையத்துக்கும் உரிய எழுத்துச் சொற்கள். நேருக்கு நேர் நின்று ஒரு தோழியிடம் "ஆழ்ந்த இரங்கல்" என்று சொன்னால் மேடைப் பேச்சுபோல் ஒலிக்கும். பேச்சுத் தமிழில் அந்த இடத்தைக் கையும் மௌனமுமே நிரப்பி வந்திருக்கின்றன. ஆகவே, "என்ன சொல்வதென்று தெரியவில்லை" என்று திகைப்பவர் தம் தமிழறிவு குறைந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

வளாகத்தில் இல்லாதது எது?

அந்தப் பழக்கத்தை அப்படியே விடுதிக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. துக்க வீட்டில் பந்தல் இருக்கிறது, பாய் விரித்திருக்கிறது, வருபவர் அனைவரும் அதற்காகவே வந்திருக்கிறார்கள். அங்கே கதையைச் சொல்வதும் பெரும்பாலும் பிள்ளைகள் அல்லர். மாமாவோ சித்தப்பாவோ முன்னால் உட்கார்ந்து வருபவர்களுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளை பேசாமல் இருக்கலாம்.

விடுதியில் அந்த மாமா இல்லை. மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் தோழியிடம் "எப்படிக்கா நடந்துச்சு?" என்று கேட்டால், இடமும் நேரமும் இல்லாத ஓரிடத்தில் அவளையே கதை சொல்ல வைக்கிறோம். அடுத்து மின்தூக்கி வருகிறது, நான்கு பேர் ஏறுகிறார்கள், கதை பாதியில் நிற்கிறது. அதே கேள்விதான், வீட்டில் ஆறுதலாக இருந்தது இங்கே சுமையாகிறது. எனவே வளாகத்தில் நாம் சொல்லும் முதல் வாக்கியம், அந்த வீட்டுப் பழக்கத்தின் நோக்கத்தை வைத்துக்கொண்டு வடிவத்தை மாற்ற வேண்டும். நடந்தது எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். விடை சொல்லும் கடமையை அவர்மேல் வைக்கக் கூடாது.

ஐந்தாம் நாள் திரும்பி வரும் தோழி

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பேராக் மாநிலத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த தோழி. தந்தை திடீரென மாரடைப்பில் இறந்துவிட்டார். மின்சுடலையில் தகனம் முடிந்து, பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு மறுபடியும் ஊருக்குப் போக வேண்டும். இடையில் ஒரு தேர்வு இருப்பதால் ஐந்தாம் நாள் மாலை பேருந்தில் விடுதிக்குத் திரும்புகிறாள். நீங்கள் அவளுடைய அறைத்தோழி. கதவு திறக்கிறது.

"ஹாய், வந்துட்டியா! எப்படி இருக்கே?" என்பது வழக்கமான வாக்கியம். அதற்குப் பதிலாக எழுந்து போய்ப் பையை வாங்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "வந்துட்டியா. அப்பாவைப் பத்திக் கேட்டதிலிருந்து உன்னையேதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லலாம். இந்த வாக்கியத்தில் கேள்வி இல்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கட்டிலில் உட்காரலாம், அழலாம், குளிக்கப் போகலாம். எதைச் செய்தாலும் உரையாடல் முறிந்துபோனதாக ஆகாது.

இதில் "அப்பா" என்ற சொல்லையும் கவனியுங்கள். "நடந்ததைக் கேள்விப்பட்டேன்", "அந்த விஷயம்" என்று சுற்றி வளைப்பது நமக்கு மென்மையாகத் தோன்றுகிறது. கேட்பவருக்கோ, அப்பா என்ற சொல்லையே இனி யாரும் தன்னிடம் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது என்று படலாம். பெயரையோ உறவையோ சொல்வதால் அவருக்கு நினைவூட்டி அழவைத்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம். அவர் அதை மறந்திருந்தால்தானே நாம் நினைவூட்ட முடியும்?

அடுத்தது உணவு. "சாப்டியா?" என்பது மலேசியத் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் ஹொக்கியன் சீனருக்கும் பொதுவான முகமன், மற்ற நாள்களில் அதற்குப் பொருளே கிடையாது. துக்க நாள்களில் அது மெய்யான கேள்வியாகிவிடுகிறது. இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டாமல், உறவினரும் அண்டை வீட்டாரும் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பது நம் வழக்கம். ஆகவே அறைத்தோழி கேட்க வேண்டிய கேள்வி கையில் பொட்டலத்துடன் வர வேண்டும். "தோசை வாங்கி வெச்சிருக்கேன். இப்ப சாப்பிடுறியா, அப்புறமா?" ஆம், இல்லை என்று தலையசைத்தாலே போதும். "ஏதாச்சும் வேணும்னா சொல்லு" என்பது நல்ல மனத்துடன் சொல்லப்படுவதுதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையையும், கேட்கும் கூச்சத்தையும் அது துக்கப்படுபவரிடமே ஒப்படைத்துவிடுகிறது. "பயிற்றி வகுப்புக் குறிப்பை நகலெடுத்து உன் மேசையில வெச்சிட்டேன்", "விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பணும்னா நான் எழுதித் தரேன்" என்பவை அந்த வேலையை நாமே எடுத்துக்கொள்ளும் வாக்கியங்கள்.

மறுநாள் காலையில் என்ன கேட்பது? 2015ஆம் ஆண்டு மே மாதம் கணவரை இழந்த, அப்போது ஃபேஸ்புக் நிறுவன அதிகாரியாக இருந்த ஷெரில் சாண்ட்பர்க், முப்பது நாள் துக்கம் முடிந்தபோது தம் முகநூல் பக்கத்தில் ஒரு நீண்ட பதிவை எழுதினார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி தம்மை வருத்தியதாகவும், "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, ஒவ்வொரு நாளாகக் கடப்பதே இப்போது தம்மால் முடிந்தது என்பதைக் கேட்பவர் அறிந்திருப்பதாக உணர்ந்ததாகவும் அதில் குறிப்பிட்டார். தமிழிலும் இந்த ஒரு சொல் வேலை செய்கிறது. "எப்படி இருக்கே?" என்பது வாழ்க்கை முழுவதையும் கேட்கிறது. "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பது காலை முதல் மாலை வரைக்குமான ஒரு சிறு கேள்வி. "நேத்தைவிடப் பரவால்ல" என்றோ "தூக்கமே இல்ல" என்றோ உண்மையாகச் சொல்லிவிடலாம். இதையும் நின்று கேட்கிறவர்தாம் கேட்க வேண்டும். நடந்துகொண்டே கேட்டால் பழைய கேள்வியாகிவிடும்.

புலனத்தில் எழுதும்போது

இப்போது முதல் சொல் பெரும்பாலும் வாயால் சொல்லப்படுவதில்லை. புலனக் குழுவில் எழுதப்படுகிறது. ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டதும் அடுத்தடுத்து நாற்பது பேர் அதையே போடுகிறார்கள். குழுவில் அது இருக்கட்டும், தவறில்லை. நெருங்கிய நண்பர் தனியாகவும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது இப்படி அமையலாம்:

"அப்பா செய்தி கேட்டேன். போன வருஷம் உங்க வீட்டுக்கு வந்தப்போ எங்களை வற்புறுத்தி ரெண்டாவது தடவை சோறு போட்டாரே, அதையே நெனச்சிக்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை தர வேண்டிய குழு இடுபணியை நாங்க முடிச்சிடுறோம். இதுக்குப் பதில் போட வேண்டாம்."

நான்கே வாக்கியங்கள். முதலாவது நடந்ததைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இரண்டாவது இறந்தவரைப் பற்றிய, வேறு யாரும் எழுத முடியாத ஒரு நினைவு. மூன்றாவது ஒரு கவலையைக் குறைக்கிறது. நான்காவது அவரை விடுவிக்கிறது. தந்தையைப் பார்த்ததே இல்லை என்றால் நினைவைப் புனைய வேண்டாம். "அவரைப் பார்த்ததில்ல, நீ சொல்லிக் கேட்டிருக்கேன்" என்பதே போதும்.

எங்கே தவறுகிறது?

ஆறுதல் சொல்லும் ஆர்வத்தில் நாம் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். "விதி அவ்வளவுதான்", "கஷ்டப்படாம போனாரே, நல்ல சாவு" என்பவை குடும்பத்தார் தாமே சொல்லிக்கொள்ளும்போது ஆறுதலாகும். வெளியிலிருந்து வரும்போது "இனி அழாதே" என்ற கட்டளையாகக் கேட்கும். மூத்த மகனிடம் "நீதான்டா இனிமே அம்மாவையும் தங்கச்சியையும் பாத்துக்கணும்" என்பதும் அப்படியே. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது தெரியாமலா இருக்கும்? முதல் வாரத்திலேயே அவன் தோளில் அதை எடுத்து வைக்க வேண்டியதில்லை.

நம் பேச்சு பொருந்தவில்லை என்பதைச் சில அடையாளங்களால் அறியலாம். அவர் நம்மைத் தேற்றத் தொடங்குவார்: "பரவால்ல, நீ வருத்தப்படாதே." விடைகள் ஒரே சொல்லாகச் சுருங்கும். கண் வேறு பக்கம் போகும். அப்போது இன்னொரு விளக்கம் சொல்லி ஈடுகட்ட முயலாமல் நிறுத்திக்கொண்டு, "சரி, நான் பேசல. இங்கேயே கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்" என்பது நல்லது.

நமக்கும் அழுகை வரலாம். அவருடைய தந்தையை நாமும் அறிந்திருக்கலாம். அதை எங்கே கொண்டுபோவது? சூசன் சில்க், பேரி கோல்ட்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 2013ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதழில் இதற்கு ஓர் எளிய படத்தைத் தந்தார்கள். நடுவில் துயருற்றவரை வைத்து, அவரைச் சுற்றி நெருக்கத்தின் வரிசைப்படி வளையங்கள் வரையுங்கள்: குடும்பத்தார், உற்ற நண்பர், வகுப்புத் தோழர். ஆறுதல் உள்நோக்கிப் போக வேண்டும். நம் புலம்பல் வெளிநோக்கிப் போக வேண்டும். அறைத்தோழி தன் பாரத்தை மூன்றாவது அறைத் தோழியிடம் இறக்கி வைக்கலாம். தந்தையை இழந்தவளிடம் இறக்கி வைக்கலாகாது.

நோயுற்ற நண்பரிடம்

நோயைப் பொறுத்தவரை முதலில் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். டிங்கி காய்ச்சல்போல் வந்து போகும் நோய் வேறு; முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வுபோல் உடன் தங்கும் நோய் வேறு.

வந்து போகும் நோய்க்குத் தமிழில் அருமையான ஒரு கேள்வி இருக்கிறது: "இப்ப தேவலாமா?" முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்காமல், முன்னைக்கு இப்போது சற்று மேலா என்று மட்டும் கேட்கிறது. "காய்ச்சல் விட்டுச்சா?", "ராத்திரி தூங்க முடிஞ்சுதா?" என்பவையும் அப்படிப்பட்டவையே. பப்பாளி இலைச் சாறு முதல் நண்டு ரசம் வரை மருந்து சொல்லும் வேலையை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுவிடலாம். கட்டிலில் கிடப்பவருக்கு அதற்குள் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள்.

உடன் தங்கும் நோயுள்ளவரிடம் "சீக்கிரம் குணமாயிடும்" என்பது பொருந்தாது. அவர் அப்படி ஆகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்பது அவர் வலியை நம்பாததுபோல் ஒலிக்கும். "இவ்ளோ மெலிஞ்சிட்டியே" என்பது கண்ணாடியைக் கொண்டுவந்து முன்னால் வைத்ததுபோல் ஆகும். மாறாக, "இன்னிக்குப் பேச முடியுமா, இல்ல நானே பேசட்டுமா?" என்று கேளுங்கள். பிறகு வளாகத்து வம்புகளையும் விரிவுரையாளரின் வேடிக்கைகளையும் சொல்லுங்கள். நோயாளி என்ற ஒரே அடையாளத்திலிருந்து கால் மணி நேரம் விடுபடுவது அவருக்குப் பெரிது. அந்தக் கால் மணி நேரத்துக்குப் பின் எழுந்துவிடுவதும் உபசரிப்பே.

ஓர் எல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். துக்கத்திலோ நோயிலோ இருக்கும் நண்பர் "நான் இருந்து என்ன பயன்" என்ற வகையில் பேசினால், அது முகமனால் தீரும் நிலையன்று. "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், பல்கலைக்கழக ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ உடன் செல்ல வேண்டும். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம்.

பதினாறாம் நாளுக்குப் பின்

முதல் வாரத்தில் அனைவரும் வருகிறார்கள். கருமக்கிரியை முடிந்ததும் உலகம் பழையபடி வணக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. அப்போது நம் தோழிக்கு நாள்கள் இன்னும் பழையபடி ஆகவில்லை. மாதம் ஒருமுறையாவது "இந்த வாரம் அப்பாவை நெனச்சேன்" என்று ஒருவர் சொன்னால் அது வேறு எங்கும் கிடைக்காத ஒன்று.

அதைவிட, முதல் தீபாவளி. துக்கம் நேர்ந்த ஆண்டில் தீபாவளி கொண்டாடாத குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. அந்நாளில் நம் கைப்பேசியிலிருந்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பறக்கும் வாழ்த்துப் படம், எண்ணெய் தேய்க்காத, பலகாரம் சுடாத அந்த வீட்டிலும் போய் விழுகிறது. அனுப்பும் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை முதல் நாளே எடுத்துவிடுங்கள். அதற்காக அவரை விட்டுவிடவும் வேண்டாம். காலையில் தனியாக ஒரு வரி எழுதுங்கள்: "இந்த வருஷம் உனக்கு வாழ்த்து அனுப்பல. உன்னையும் அப்பாவையும் நெனச்சிக்கிட்டேன். சாயங்காலம் வீட்டுப் பக்கம் வரட்டுமா?"

வரச் சொன்னால், போய் உட்கார்ந்திருங்கள்.